அடியும் மீட்டரும் கலந்த உத்திரக் கணக்கு: அலகுகளை மாற்றுவதும் விடையின் அளவைச் சோதிப்பதும்

கடலூர் முதுநகரில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவரின் பட்டறை இருக்கிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் இரும்பு உத்திரத்தைப் போட்டு, அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு எஞ்சினைத் தூக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது நான் போட்ட கணக்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பாலிடெக்னிக் முதலாண்டு மாணவர்களுக்கு இது எளிய கணக்குதான். எதிர்விசை, திருப்புத்திறன் ஆகியவற்றின் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொண்டு அவற்றை விளக்காமல் மேலே போகிறேன். சிக்கல் எல்லாம் தரவுகள் வந்து சேர்ந்த அலகுகளில் இருக்கிறது.

தரவுகள் இவை. கொத்தனார் சொன்ன இடைவெளி 12 அடி. எஞ்சினைத் தூக்கும் இடம் இடது சுவரிலிருந்து 4 அடி 6 அங்குலம். எஞ்சினும் செயின் பிளாக்கும் சேர்ந்து 600 கிலோ. பட்டறையில் ஏற்கெனவே கிடந்த உத்திரம் ISMB 150. அதன் எடை மீட்டருக்கு 14.9 கிலோ என்றும், செக்‌ஷன் மாடுலஸ் 96.9 கன சென்டிமீட்டர் என்றும் இரும்பு அட்டவணையில் இருக்கிறது. கிடைக்கும் தகைவை ஒப்பிட வேண்டிய எல்லை, 1984-ஆம் ஆண்டு IS 800 நெறியின்படி, 165 நியூட்டன்/சதுர மில்லிமீட்டர். ஒரே கணக்கில் அடி, அங்குலம், மீட்டர், சென்டிமீட்டர், மில்லிமீட்டர், கிலோ, நியூட்டன் என்று ஏழு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

படி 1: எதையும் கூட்டுவதற்கு முன் மாற்றுங்கள்

எல்லாவற்றையும் நியூட்டனுக்கும் மீட்டருக்கும் கொண்டுவந்த பிறகே சமன்பாட்டை எழுத வேண்டும். நடுவழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் எது மாறியது, எது மாறவில்லை என்பது இரண்டு வரிகளுக்குள் மறந்துவிடும்.

4 அடி 6 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 4.6 என்று தட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் அது 4.5 அடி. இந்த இடத்தில் பிழை இரண்டு சதவீதம்தான் என்பதால் யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் அதே பழக்கத்தில் 4 அடி 11 அங்குலத்தை 4.11 என்று எழுதினால், உண்மையில் நீளமான அளவு 4.6-ஐவிடக் குட்டையாகிவிடும். ஆகவே நான் அடியைத் தசமத்தில் எழுதுவதே இல்லை. எல்லாவற்றையும் அங்குலமாக்கி 0.0254-ஆல் பெருக்குகிறேன்.

```
a = (4×12 + 6) × 0.0254 = 1.3716 m
L = 12×12 × 0.0254     = 3.6576 m
W = 600 × 9.81          = 5886 N
w = 14.9 × 9.81         = 146.2 N/m
```

இதற்குக் கைப்பேசியில் கிடைக்கும் அலகு மாற்றிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. லினக்ஸில் உள்ள `units` என்ற சிறு கருவியே எனக்குப் பிடித்தது. காரணம், அது பொருந்தாத மாற்றத்தைச் செய்ய மறுக்கும்.

```
$ units '4 ft + 6 in' m
	* 1.3716
	/ 0.72907553
$ units '600 kg' N
conformability error
	600 kg
	1 kg m / s^2
```

கிலோ என்பது நிறை, நியூட்டன் என்பது விசை; ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது என்று அது நின்றுவிடுகிறது. `600 kgf` என்று கேட்டால் 5883.99 என்று தருகிறது. அது 9.81-க்குப் பதிலாக 9.80665 என்ற துல்லிய மதிப்பை எடுத்துக்கொள்வதால் வரும் இரண்டு நியூட்டன் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 2: எதிர்விசைகள்

இடது சுவரின் எதிர்விசையைக் காண வலது சுவரைச் சுற்றித் திருப்புத்திறன் எடுக்கிறோம்.

```
RA = W(L−a)/L + wL/2 = 3679 + 267 = 3946 N
RB = W·a/L    + wL/2 = 2207 + 267 = 2474 N
```

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதல் உறுப்பில் நீளத்தை நீளத்தால் வகுப்பதால், 7.5 அடியை 12 அடியால் வகுத்தாலும் அதே 0.625 கிடைக்கும், மாற்றாமலே சரியான விடை வந்துவிடும். அந்தத் தைரியத்தில் இரண்டாவது உறுப்பிலும் 12 என்றே போட்டுவிடுகிறார்கள். 14.9 என்பது மீட்டருக்கான எடை. அதை 12-ஆல் பெருக்கினால் உத்திரம் 179 கிலோ ஆகிவிடும். உண்மையான எடை 54.5 கிலோ. இரண்டு ஆட்கள் தோளில் வைத்துக் கொண்டுபோகிற உத்திரமா, நான்கு பேர் திணறுகிற உத்திரமா என்று கேட்டுப் பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும்.

எதிர்விசைகளைச் சோதிக்க நான் அவற்றை மறுபடியும் கிலோவாக்கிப் பார்ப்பேன். இடப்பக்கம் 402, வலப்பக்கம் 252, கூட்டினால் 654. எஞ்சின் 600, உத்திரம் 54.5, தசமம் போக இரண்டும் ஒன்றுதான். எஞ்சினுக்கு அருகிலுள்ள சுவர் அதிகமாகத் தாங்குவதும் எதிர்பார்த்தபடிதான். ஆனால் இந்தக் கூட்டல் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு: உத்திரத்தின் எடையைத் தொடக்கத்திலேயே 179 என்று எடுத்திருந்தால், இரண்டு பக்கமும் அதே தவறான எண் இருப்பதால், கூட்டல் அழகாகச் சமமாகிவிடும்.

படி 3: வளைவுத் திருப்புத்திறன்

எஞ்சின் தொங்கும் இடத்தில்தான் வெட்டுவிசையின் குறி மாறுகிறது. ஆகவே மிகப் பெரிய திருப்புத்திறனும் அங்கேதான்.

```
M = RA·a − w·a²/2 = 5412 − 137 = 5275 N·m
```

படி 4: தகைவு

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இது. திருப்புத்திறனை செக்‌ஷன் மாடுலஸால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் திருப்புத்திறன் நியூட்டன்-மீட்டரில் இருக்கிறது, செக்‌ஷன் மாடுலஸ் கன சென்டிமீட்டரில் இருக்கிறது, விடையோ சதுர மில்லிமீட்டரில் வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் என்பது மனப்பாடமாக இருப்பதால், 96.9-ஐப் பத்தால் பெருக்கி 969 என்று எழுதிவிடுகிறார்கள். சென்டிமீட்டருக்கு மேலே இருக்கும் அந்தச் சிறிய 3, பத்துக்கும் சேர்த்துத்தான். பத்து பெருக்கல் பத்து பெருக்கல் பத்து, அதாவது ஆயிரம்.

```
M = 5275 N·m  = 5275000 N·mm
Z = 96.9 cm³  = 96900 mm³
M/Z           = 54.4 N/mm²
```

மேலேயும் ஓர் ஆயிரம், கீழேயும் ஓர் ஆயிரம் என்பதால் இரண்டும் அடிபட்டுப் போகின்றன. நியூட்டன்-மீட்டரைக் கன சென்டிமீட்டரால் வகுத்தால் நேராக நியூட்டன்/சதுர மில்லிமீட்டர் கிடைத்துவிடும். எந்த மாற்றமும் செய்யாமல் 5275-ஐ 96.9-ஆல் வகுத்துச் சரியான விடை பெறுகிறவர்கள் இருப்பதற்கும், ஒன்றை மட்டும் மாற்றியவர்களுக்கு ஆயிரம் மடங்கு பிழை வருவதற்கும் இதுவே காரணம். குறுக்குவழி என்று தெரிந்து பயன்படுத்தினால் தவறில்லை. தெரியாமல் அமைந்தால் அடுத்த கணக்கில், தொய்வுக்கான நான்காம் அடுக்கு வரும்போது, அது கைவிட்டுவிடும்.

படி 5: இந்த விடை இருக்கக்கூடியதுதானா?

பிழைகள் இரண்டு வகை. செக்‌ஷன் மாடுலஸை 969 என்று எடுத்தால் தகைவு 5444 வரும். சாதாரணக் கட்டுமான இரும்பு 250 நியூட்டன்/சதுர மில்லிமீட்டர் அளவிலேயே இளகிவிடும் என்பதால், இந்த எண் தன் தவறைத் தானே சொல்லிவிடுகிறது. 9.81-ஐப் பெருக்க மறந்தால் அப்படி இல்லை. அப்போது தகைவு 5.5 என்று வரும். 165-க்கு மிகவும் கீழே இருப்பதால் உத்திரம் பத்திரம் என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். எனக்கு அச்சம் தருவது இந்த இரண்டாவது வகைதான்.

இதைப் பிடிக்க, அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பயனில்லை. அதே மறதி திரும்பவும் வரும். வேறு அலகுகளில், வேறு வழியில், தோராயமாகப் போட வேண்டும். எஞ்சின் சரியாக நடுவில் தொங்குகிறது என்று வைத்துக்கொண்டால் திருப்புத்திறன் உச்சத்தில் இருக்கும். அதைக் கிலோ விசையிலும் சென்டிமீட்டரிலும் போடுகிறேன். 600-ஐ 366-ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் சுமார் 54,900. அதை 97-ஆல் வகுத்தால் 566 கிலோ விசை/சதுர சென்டிமீட்டர். இதைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய நியூட்டன்/சதுர மில்லிமீட்டர்: 57. உத்திரத்தின் சொந்த எடைக்காக இன்னும் இரண்டு மூன்று கூட்டிக்கொண்டால் 60-க்குள் அடங்கும். எஞ்சின் நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் உண்மை விடை இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், 54.4 அப்படியே இருக்கிறது. 5.5 வந்திருந்தால், நடுவிலிருந்து ஒன்றரை அடி தள்ளியதற்காகத் தகைவு பத்தில் ஒரு பங்காகக் குறையுமா என்ற கேள்வியே போதும்.

இந்தத் தோராயக் கணக்கை முதலில் போட்டுத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு விரிவான கணக்குக்குப் போவது என் வழக்கம். விடை கையில் வந்த பிறகு தோராயம் போட்டால், மனம் அந்த விடைக்கு ஏற்றபடியே எண்களை முழுமையாக்கிக்கொள்ளும்.

54.4 என்பது 165-இல் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இது வளைவுத் தகைவு மட்டுமே. உத்திரம் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கப்பட்டிருக்கிறதா, பட்டறையின் ஒன்பது அங்குலச் சுவர் 400 கிலோவைத் தாங்குமா, எஞ்சினை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும் என்பவற்றை இந்த எண் சொல்லாது. பட்டறையில் உத்திரத்தை ஏற்றுவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைப் பார்க்கச் சொன்னேன், அவரும் பார்த்துவிட்டார்.

பின்சேர்க்கை: அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வாசகர், தன் தச்சர் "நாலடி ஆறங்குலம் நாலு நூல்" என்று அளவு சொன்னதாகவும், அதை எப்படிச் சேர்ப்பது என்றும் கேட்டிருந்தார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.175 மில்லிமீட்டர். ஆகவே மேற்சொன்ன வாய்பாட்டில் ஒரு உறுப்பைக் கூட்டினால் போதும்:

```
a = (4×12 + 6 + 4/8) × 0.0254 = 1.3843 m
```

இன்னொருவர், தன்னிடமுள்ள பழைய புத்தகத்தில் எல்லைத் தகைவு 1650 என்று இருப்பதால் 54.4 என்பது முப்பதில் ஒரு பங்குதானே என்று எழுதியிருந்தார். அந்த 1650 கிலோ விசை/சதுர சென்டிமீட்டரில் இருக்கிறது, 0.0981-ஆல் பெருக்கினால் 162 நியூட்டன்/சதுர மில்லிமீட்டர். அவருடைய புத்தகத்தின்படியும் இந்த உத்திரம் மூன்றில் ஒரு பங்கு தகைவில்தான் இருக்கிறது.