பி.எஃப்.பில் முதலாளி பங்கைப் பிரிப்பது எப்படி? 3.67-ஐ மறந்துவிடுங்கள்

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியின் சம்பளக் கணக்கு என் கைக்கு வந்தபோது, பழைய எக்ஸெல் ஷீட்டில் முதலாளி பங்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது: 8.33 சதவீதம் பென்ஷனுக்கு, 3.67 சதவீதம் பி.எஃப்.புக்கு. தையல் ஆட்களின் வரிகள் ஏறக்குறைய சரியாகவே இருந்தன. சூப்பர்வைசர், மெர்ச்சண்டைசர் வரிகளில்தான் தொகை எங்கேயோ போய் நின்றது. அந்த ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றே சூத்திரத்தில் புதிதாக ஒன்று செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யூ.ஏ.என். எடுப்பது, போர்ட்டலில் நுழைவது, சலான் கட்டுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பி.எஃப். சம்பளம் என்று கீழே நான் சொல்வது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது. எந்த அலவன்ஸ் அதில் சேரும், எது சேராது என்பது தனிச் சண்டை. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

படி 1: பென்ஷன் உண்டா இல்லையா?

கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆளுக்கும் இதற்குப் பதில் வேண்டும். பி.எஃப். கணக்கு இருக்கிறவர் எல்லாரும் பென்ஷன் திட்ட உறுப்பினர் இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

2014 செப்டம்பர் 1 அன்று பி.எஃப். சம்பளத்தின் மாத உச்சவரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் ஆனது. அதே நாளில் இன்னொரு விதியும் வந்தது. அந்தத் தேதியிலிருந்து முதன்முறையாகத் திட்டத்துக்குள் வருகிறவரின் சம்பளம், சேரும்போதே 15,000-க்கு மேல் இருந்தால் அவருக்குப் பென்ஷன் கணக்கு கிடையாது. முதலாளி பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போகும்.

இதில் கவனிக்க வேண்டியது "சேரும்போதே" என்பதை. 2016-இல் 11,000 ரூபாய்க்குச் சேர்ந்து, இன்று 28,000 வாங்குகிறவர் பென்ஷன் உறுப்பினராகவே தொடர்கிறார். சம்பளம் வரம்பைத் தாண்டிய மாதத்தில் அவரை வெளியே எடுக்கக் கூடாது. அவருக்காக மாதாமாதம் பென்ஷனுக்குப் போகும் தொகை 1,250-இல் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து நாற்காலியில், முதல் வேலையாகப் போன மாதம் 28,000-க்குச் சேர்ந்தவருக்குப் பென்ஷன் பூஜ்யம். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே கம்பெனி. பிரிவு மட்டும் வேறு. இன்றைய சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாராலும் சொல்ல முடியாது.

புதிதாகச் சேர்கிறவரிடம் படிவம் 11 வாங்குவது இதற்காகத்தான். முன்பு பி.எஃப். திட்டத்தில் இருந்தாரா, பென்ஷன் திட்டத்தில் இருந்தாரா என்று அதில் தனித்தனியாகக் கேட்டிருக்கும். பலர் இரண்டுக்கும் ஒரே பதிலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை நம்பாமல் பழைய பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். பென்ஷன் பத்தியில் தொகை ஏறியிருந்தால் அங்கே உறுப்பினர். மாதாமாதம் பூஜ்யமாகவே இருந்தால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் முடிவெடுங்கள்.

படி 2: பென்ஷனை முதலில் எடுங்கள், மீதியைக் கழித்தலில் எடுங்கள்

முதலாளி பங்கு மொத்தம் 12 சதவீதம். 12-இல் 8.33 போனால் மீதி 3.67. கணக்கு சரிதான். ஆனால் 8.33 சதவீதத்துக்கு 15,000 என்ற வரம்பு இருக்கிறது, 12 சதவீதத்துக்கு அது இல்லை. கம்பெனி முழுச் சம்பளத்துக்கும் கட்டலாம். இரண்டும் வெவ்வேறு தொகைமேல் ஓடும்போது 3.67 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடுகிறது.

28,000 சம்பளம் வாங்கும் பழைய உறுப்பினரை எடுத்துக்கொள்வோம். கம்பெனி முழுச் சம்பளத்துக்கும் கட்டுகிறது. தொழிலாளி பங்கு 3,360. முதலாளி பங்கும் 3,360. அதில் பென்ஷனுக்கு 15,000-இல் 8.33 சதவீதம், அதாவது 1,249.50, முழு ரூபாயாக்கினால் 1,250. மீதி 2,110 பி.எஃப். கணக்குக்கு. பழைய ஷீட் இதே ஆளுக்கு 28,000-இல் 3.67 சதவீதம் என்று 1,028 ரூபாயைப் பி.எஃப்.பிலும், 2,332 ரூபாயைப் பென்ஷனிலும் காட்டியது. மொத்தம் 3,360 சரியாக வருவதால் கூட்டிப் பார்த்தால் தப்பே தெரியாது. ஆளின் பி.எஃப். கணக்கில் மட்டும் மாதம் 1,082 ரூபாய் குறைந்திருக்கும்.

சரி, எல்லாருக்கும் 15,000-க்கு மட்டுமே கட்டும் கம்பெனி என்றால்? அங்கேயும் 3.67 காலை வாரும். 15,000-இல் 3.67 சதவீதம் 550.50. அதைத் தனியாக முழுமையாக்கினால் 551. பென்ஷன் 1,250. கூட்டினால் 1,801! கட்ட வேண்டியதோ 1,800. நூறு பேர் இருக்கும் சலானில் இந்த ஒரு ரூபாய்கள் சேர்ந்து நிற்கும்போது, எங்கே தப்பு என்று தேடியே மாலை போய்விடும். கழித்தல் முறையில் 1,800-இல் 1,250 போக 550. தேட எதுவும் இல்லை.

படி 3: ஷீட்

B பத்தியில் பி.எஃப். சம்பளம், D பத்தியில் பென்ஷன் உறுப்பினரா என்பதற்கு Y அல்லது N. மற்றவை சூத்திரம்:

```
C2: =ROUND(B2*12%,0)
E2: =IF(D2="Y",ROUND(MIN(B2,15000)*8.33%,0),0)
F2: =ROUND(B2*12%,0)-E2
```

C தொழிலாளி பங்கு, E பென்ஷன், F முதலாளியின் பி.எஃப். பங்கு. கம்பெனி வரம்போடு நிறுத்திக்கொள்கிறது என்றால், 15,000-க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு B-யிலேயே 15,000-ஐப் போட்டுவிடுங்கள். சூத்திரத்தைத் தொட வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் பி.எஃப். கால்குலேட்டர்களை நான் தொடுவதில்லை. நான் பார்த்தவற்றில் D பத்தி எதிலுமே இல்லை, எல்லாரையும் பென்ஷன் உறுப்பினர் என்றே எடுத்துக்கொள்கின்றன. ஐம்பது பேருக்குள் இருந்தால் பேரோல் மென்பொருளும் வேண்டாம் என்பேன். லிப்ரே ஆபிஸ் கால்க் போதும், மேலே உள்ள சூத்திரங்கள் அதில் அப்படியே ஓடும்.

பீடி, செங்கல், கயிறு போல 10 சதவீதம் கட்டும் தொழில்களில் 12%-ஐ 10% ஆக்குங்கள். பென்ஷனின் 8.33 அப்படியே இருக்கும்.

படி 4: இ.சி.ஆர். வரி

போர்ட்டலில் ஏற்றும் டெக்ஸ்ட் கோப்பில் ஒரு ஆளுக்கு ஒரு வரி, நடுவில் `#~#`. நம்முடைய 28,000 ஆளின் வரி இப்படி இருக்கும்:

```
UAN#~#NAME#~#28000#~#28000#~#15000#~#15000#~#3360#~#1250#~#2110#~#0#~#0
```

பெயருக்குப் பிறகு வரும் நான்கு எண்களும் மொத்தச் சம்பளம், பி.எஃப். சம்பளம், பென்ஷன் சம்பளம், காப்பீட்டுச் சம்பளம். அடுத்த மூன்றும் நம் ஷீட்டின் C, E, F. கடைசி இரண்டு, சம்பளமில்லாத நாட்களும் திருப்பிக் கட்டிய முன்பணமும்.

பென்ஷன் இல்லாத புது ஆளுக்கு:

```
UAN#~#NAME#~#28000#~#28000#~#0#~#15000#~#3360#~#0#~#3360#~#0#~#0
```

பூஜ்யம் போட வேண்டியது பென்ஷன் சம்பளத்திலும் பென்ஷன் தொகையிலும் மட்டும். காப்பீட்டுச் சம்பளம் 15,000 இருந்தே ஆக வேண்டும். "பென்ஷன் இல்லை" என்ற வேகத்தில் அதையும் பூஜ்யமாக்கினால் குடும்பத்துக்கான காப்பீட்டில் ஆள் விட்டுப்போவார். நான் ஏற்றுவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பது இந்தப் பத்தியைத்தான்.

படி 5: பாஸ்புக்கில் சரிபார்ப்பது

சலான் கட்டிப் பதிவான பிறகு, படி 1-இல் சொன்ன இரண்டு வகையிலும் ஒவ்வொருவரின் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் என்று மூன்று பத்தி இருக்கும். பின்னிரண்டையும் கூட்டினால் முதலாளியின் 12 சதவீதம் வர வேண்டும். 15,000-க்கு மேல் சம்பளம் உள்ள பழைய உறுப்பினருக்குப் பென்ஷன் பத்தி 1,250-ஐத் தாண்டியிருந்தால், அதிகப் பென்ஷனுக்கு முறைப்படி விருப்பம் கொடுத்து ஏற்கப்பட்டவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் தப்பு.

பென்ஷன் பத்தியில் வட்டி ஏறவில்லையே என்று ஆட்கள் வந்து கேட்பார்கள். ஏறாது. அது பொது நிதிக்குப் போகிற பணம். பென்ஷன் வருவது சூத்திரப்படி: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை (வரம்புக்கு உட்பட்டது) பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. 15,000 சராசரியும் 14 ஆண்டுகளும் என்றால் மாதம் 3,000.

தகுதி இல்லாதவருக்குப் பென்ஷன் பிடித்துக் கட்டியது தெரிந்தால் உடனே பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, அந்தத் தொகையைப் பி.எஃப். கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆள் வேலையை விட்டு, பணம் கேட்டு, விண்ணப்பம் திரும்பி வரும்வரை இது பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை. அதற்குள் கம்பெனியில் கணக்கு எழுதியவரும் மாறியிருப்பார்.

பின்சேர்க்கை, கருத்துகளில் வந்தவை

முதலில் F2-இல் `=C2-E2` என்றுதான் கொடுத்திருந்தேன். தன் விருப்பத்தில் கூடுதலாகப் பி.எஃப். பிடிக்கச் சொன்ன ஒருவரின் வரியில் அது உடைந்தது என்று ஒரு வாசகர் எழுதினார். சரியான பேச்சு. ஆள் 5,000 கட்டினால் C-யில் சூத்திரத்துக்குப் பதிலாக 5,000-ஐப் போட வேண்டும். முதலாளியின் பங்கு அதோடு சேர்ந்து ஏறக் கூடாது. அதனால்தான் F2 இப்போது C-யைப் பார்க்காமல் B-யிலிருந்து தனியாக 12 சதவீதம் எடுக்கிறது.

இன்னொருவர் கேட்டது, பாதி மாதம் லீவு போட்டால் 15,000 வரம்பும் பாதியாகுமா என்று. ஆகாது. அந்த மாதம் உண்மையில் கிடைத்த சம்பளத்தை B-யில் போடுங்கள். 28,000 ஆளுக்குக் கிடைத்தது 14,000 என்றால் பென்ஷன் 1,166. கிடைத்தது 16,000 என்றால் வழக்கம்போல 1,250. லீவு நாட்கள், கடைசிக்கு முந்தைய இடத்தில் போக வேண்டும்.

அரசு தருவதாகச் சொல்லும் 1.16 சதவீதம் எங்கே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதை மத்திய அரசு நேராகப் பென்ஷன் நிதியில் போடுகிறது. சலானிலோ ஷீட்டிலோ அதற்கு இடமில்லை.

58 வயது முடிந்தவருக்கு D பத்தியை N ஆக்கிவிடுங்கள். பென்ஷனைத் தள்ளிப்போட்டுத் தொடர்ந்து கட்டுவதாக எழுதிக் கொடுத்தவர் மட்டும் விதிவிலக்கு. பி.எஃப்., காப்பீடு இரண்டும் வழக்கம்போல ஓடும். நான் பிறந்த தேதிக்கு ஒரு பத்தி சேர்த்து, 58 நெருங்கும் வரிகள் மஞ்சளாக மாறும்படி வைத்திருக்கிறேன்.