ரெக்கோர்டரை அன்இன்ஸ்டால் பண்ணினால் ரெக்கோர்டிங் போய்விடாது

பழைய போனை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது எல்லாரும் முதலில் வாட்ஸ்அப்பைத்தான் துடைக்கிறார்கள். கோல் ரெக்கோர்டர் கடைசியாகத்தான் ஞாபகம் வருகிறது. ஐகனை அழுத்திப் பிடித்து அன்இன்ஸ்டால் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். புதிதாக ஆண்ட்ரொய்ட் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த ஒரு பிழையைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. சரியாகச் செய்ய அரை மணித்தியாலம் கூடப் போகாது. அந்தப் பிழையும், அதோடு சேர்ந்து நடக்கும் வேறு சில பிழைகளும் கீழே ஒவ்வொரு தலைப்பாக இருக்கின்றன.

முதலில் அப்பைத் தூக்குவது

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் நடந்தது. கொழும்புக்கு வேலைக்குப் போன அக்கா, படங்கள் அழியக்கூடாது என்று ரீசெட் பண்ணாமல், ரெக்கோர்டரை மட்டும் தூக்கிவிட்டுப் போனைத் தம்பியிடம் கொடுத்தார். இடம் போதவில்லை என்று தம்பி ஃபைல் மேனேஜரைத் திறந்தபோது, அக்கா பேசிய பழைய கோல் எல்லாம் திகதி வாரியாக வரிசையாக நின்றன. சீட்டுக்காசுப் பேச்சு, வீட்டுச் சண்டை, வங்கிக்காரரிடம் சொன்ன அடையாள அட்டை இலக்கம், எல்லாம் அதில் இருந்தன.

காரணம் இதுதான். அப்புக்கென்று தனியாக இருக்கும் இடத்தில் உள்ளவைதான் அன்இன்ஸ்டாலோடு போகும். பல ரெக்கோர்டர்கள் ஒலியை அங்கே வைப்பதில்லை. Recordings, Music, Documents போன்ற பொது ஃபோல்டர்களில் வைக்கின்றன. அவை போனுக்குச் சொந்தம், அப் போனாலும் இருக்கும்.

அதைவிட மோசம், பிறகு அதே அப்பைத் திரும்பப் போட்டாலும் லிஸ்ட் வெறுமையாகவே வரலாம். ஆண்ட்ரொய்ட் 11இலிருந்து, திரும்பப் போட்ட அப்புக்கு முன்பு தான் எழுதிய ஃபைல்கள் சொந்தமில்லை. தனி அனுமதி கொடுக்காவிட்டால் அவை அதன் கண்ணில் படாது. லிஸ்டில் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்து "அழிந்துவிட்டது" என்று நம்புவது இங்கேதான். மியூசிக் பிளேயரும் காட்டாது, ஏனென்றால் சில ரெக்கோர்டர்கள் அந்த ஃபோல்டருக்குள் `.nomedia` என்று ஒரு வெற்று ஃபைலைப் போட்டுவைக்கின்றன.

ஆகவே அப் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். அதன் செட்டிங்ஸில் இரண்டைப் பாருங்கள்: எந்த ஃபோல்டரில் சேமிக்கிறது, கிளவுட்டுக்கு அனுப்புகிறதா. ஃபோல்டரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கிளவுட் ஏற்றத்தை நிறுத்துங்கள். அதன்பின் லிஸ்டில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து அழியுங்கள். அப்புக்குள் தனிக் குப்பைத்தொட்டி இருந்தால் அதையும் காலியாக்குங்கள்.

அடுத்தது கூகுள் ட்ரைவ். போனில் அழித்தது பல அப்களில் ட்ரைவில் அழியாது. அங்கே அழித்தாலும் 30 நாள் தொட்டியில் கிடக்கும், அதனால் தொட்டியையும் காலியாக்க வேண்டும். ட்ரைவில் ஃபோல்டராகத் தெரியாமல் ஒளித்து வைக்கும் அப்களும் உண்டு. கம்ப்யூட்டர் பிரவுசரில் ட்ரைவைத் திறந்து Settings, பிறகு Manage apps போய், அந்த அப்பின் Options இல் Delete hidden app data கொடுங்கள். அப்பின் தொடர்பைத் துண்டிப்பது அதற்குப் பிறகுதான்.

கடைசியில் ஃபைல் மேனேஜரில் மறைந்த ஃபைல்களைக் காட்டும் தெரிவைப் போட்டுவிட்டு, எழுதிவைத்த ஃபோல்டரைப் பாருங்கள். `.m4a`, `.amr`, `.wav`, `.3gp` என்றும் தேடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் இப்போது அப்பைத் தூக்கலாம். இடம் மிச்சமாவதும் இங்கேதான்: `.wav` ஆக எடுத்த பத்து நிமிடப் பேச்சு ஒன்றே 50 எம்பிக்கு மேல் வரலாம்.

ரீசெட் போதும் என்று இருப்பது

போனைத் துடைக்கும். ட்ரைவைத் தொடாது.

வாய்ஸை ஃபைல் மேனேஜரில் அழிப்பது

வாட்ஸ்அப் வாய்ஸ் `Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes` என்ற ஃபோல்டரில் வாரத்துக்கொரு ஃபோல்டராக, `.opus` ஃபைல்களாக இருக்கும். ஃபோல்டரோடு அழித்தால், யார் எப்போது அனுப்பினார் என்ற குமிழ் சட் பக்கத்திலேயே நிற்கும், தட்டினால்தான் பாடாது. எந்த வாய்ஸ் யாருடையது என்றும் ஃபைல் பெயரில் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயி வாய்ஸில் மட்டுமே பேசும் வீடுகள் மலையகத்தில் நிறைய. அவர் குரலும் அதே குவியலில் போய்விடும், திரும்பக் கேட்க ஆளும் இருக்கமாட்டார். நிமிடத்துக்கு நூறு கேபி அளவில் இருக்கும் ஃபைல்களை அழித்து மிச்சமாகும் இடமும் சொற்பம். சட் பக்கத்தைத் திறந்து, வேண்டாத வாய்ஸை அழுத்திப் பிடித்து அழியுங்கள். போனிலிருந்தும் நீக்கவா என்று கேட்டால் சரி கொடுங்கள்.

ரெக்கோர்டிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மறப்பது

அனுப்பியதன் பிரதி `WhatsApp Audio` ஃபோல்டருக்குள் `Sent` இலும் இருக்கலாம். பார்த்து அழியுங்கள்.

"எல்லாருக்கும் அழி" என்பதை நம்புவது

இரண்டு நாள் சொச்சம்தான் அவகாசம். அதற்குள் அழித்தாலும், வேறொருவருக்கு ஏற்கெனவே ஃபோர்வர்ட் ஆன பிரதி அங்கேயே இருக்கும்.