ஈடிபி சம்ப்பில் பம்ப் அடைத்துக்கொண்டால்: இறங்குவதைப் பற்றி யோசிக்கும் முன்

ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமான ஈடிபியில் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் சீக்கிரமே சந்திக்கும் தொந்தரவு ஒன்று உண்டு. கலெக்‌ஷன் சம்ப்பில், அதாவது கழிவுநீர் வந்து சேரும் தொட்டியில், கிடக்கும் சப்மெர்சிபிள் பம்ப் அடைத்துக்கொள்ளும். கந்தலோ நாரோ பிளாஸ்டிக்கோ இம்பெல்லரில் சுற்றிக்கொள்ள, ஆம்ப்ஸ் ஏறி டிரிப் ஆகிவிடும். உடனே யாராவது ஒருவர் "நாலு மீட்டர்தானே, ஏணியைப் போட்டு இறங்கி ஒரு நிமிஷத்தில் எடுத்துடலாம்" என்பார். ஈடிபியில் நடக்கும் மரணங்களில் பல இந்த மாதிரி சின்ன வேலையில்தான் ஆரம்பிக்கின்றன. விஷ வாயு, மூழ்குதல், கெமிக்கல், கசடு என்று தனித்தனியாகப் பாடம் எடுப்பதைவிட, இந்த ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தால் நான்கும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்று தெரியும்.

ஒரு சம்ப்பை எடுத்துக்கொள்வோம். தரை 2 மீட்டருக்கு 3 மீட்டர், ஆழம் 4 மீட்டர். தண்ணீரை வேறு பம்ப் வைத்து இறைத்தாகிவிட்டது, அடியில் அரை மீட்டர் கறுப்புக் கசடு மட்டும் மிச்சம். மேலே இருந்து பார்த்தால் அமைதியாக இருக்கும்.

முதலில் கணக்கு

கழிவுநீரில் சல்ஃபேட்டும் அழுகக்கூடிய பொருளும் இருந்து, ஆக்சிஜன் இல்லாமல் தேங்கி நின்றால், பாக்டீரியா அந்த சல்ஃபேட்டை சல்ஃபைடாக மாற்றிவிடும். கசடு கறுப்பாக இருப்பதற்குப் பெரும்பாலும் இரும்பு சல்ஃபைடு காரணம், அதனால் கறுப்பைக் கண்டாலே எச்சரிக்கையாக இருங்கள். இந்த சல்ஃபைடுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளியே வருகிறது.

நம் சம்ப்பில் 3 கன மீட்டர் கசடு இருக்கிறது. அதில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைந்த சல்ஃபைடு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60 கிராம். கசடுக்கு மேலே உள்ள காற்று வெளி 21 கன மீட்டர். அந்த வெளி முழுவதையும் 100 பிபிஎம், பத்து லட்சத்துக்கு நூறு பங்கு, ஆக்க வெறும் 3 கிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடு போதும். அதாவது உள்ளே இருப்பதில் இருபதில் ஒரு பங்கு வெளிவந்தாலே 100 பிபிஎம், பாதி வெளிவந்தால் 1000 பிபிஎம். 100 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் எல்லை. 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சுருண்டு விழுவார், 1000க்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு மூச்சிலேயே முடிந்துவிடலாம்.

கசடு அசையாமல் கிடக்கும்வரை வாயுவும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். கால் வைத்தவுடன், பம்ப்பை இழுத்தவுடன், தண்ணீர் பீய்ச்சியவுடன் வெளியே வரும். அதுவும் சம்ப் முழுக்கச் சமமாகப் பரவிக்கொண்டு வராது, முதலில் குனிந்திருப்பவரின் முகத்துக்கு நேரேதான் வரும். "மேலே நின்று பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்ற பேச்சுக்கு இதனால்தான் மதிப்பில்லை. மூக்கையும் நம்ப முடியாது. அழுகிய முட்டை வாடை ஒரு பிபிஎம்முக்கும் குறைவிலேயே தெரியும், ஆனால் 100ஐ நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் வாடை நின்றுவிடும். வந்த வாடை திடீரென்று போய்விட்டால் அங்கே நிற்கவே கூடாது.

இறங்காமல் முடியுமா?

பெரும்பாலும் முடியும். வழிகாட்டிக் கம்பியில் உட்காரும்படி பொருத்திய பம்ப்பாக இருந்தால், மேலே இருந்தே சங்கிலியை செயின் பிளாக்கில் மாட்டித் தூக்கிவிடலாம், வளைவுப் பகுதியில் போல்ட் எதுவும் கழற்ற வேண்டியதில்லை. சங்கிலி அறுந்திருந்தால் நீளமான கழியில் கொக்கி கட்டி மாட்டிப் பாருங்கள். கசடு கெட்டியாகிப் பிடித்திருந்தால் சக்‌ஷன் டேங்கரை வரவழைத்து, குழாயை மேலே இருந்து இறக்கி உறிஞ்ச வையுங்கள். அரை நாள் தாமதமாகும், டேங்கர் செலவும் ஆகும், அது பரவாயில்லை. மேலே நின்று தண்ணீர் பீய்ச்சும்போதும் மூடிப் பக்கம் வாயு வரும், எனவே காற்று வரும் திசையில் நின்று, உடையில் டிடெக்டரை மாட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

இந்த வழிகள் எதுவும் சரிப்படவில்லை என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள். அப்போதும் இறங்குபவர் அதற்கென்று பயிற்சி பெற்றவராக, எழுத்தில் பர்மிட் வாங்கியவராக இருக்க வேண்டும். புதியவரான உங்கள் வேலை மேலே நின்று சரியாகச் செய்வது.

வருவதையெல்லாம் நிறுத்துங்கள்

சம்ப்புக்குள் என்னென்ன வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். புராசஸ் கழிவுநீர் மட்டும் இருக்காது. ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து வடியும் தண்ணீர், கிளாரிஃபையரிலிருந்து திரும்பும் நீர், ஆர்ஓ மெம்பரேன் கழுவிய ஆசிட் தண்ணீர், லேப் சிங்க், மழைநீர் வடிகால் என்று பட்டியல் நீளும்.

மூழ்குவதற்குக் கடல் வேண்டியதில்லை. நம் சம்ப்பின் தரை 6 சதுர மீட்டர். மணிக்கு 30 கன மீட்டர் ஓடும் ஒரு லைனை யாரோ தெரியாமல் திறந்துவிட்டால், ஆறே நிமிடத்தில் தண்ணீர் அரை மீட்டர் ஏறும். ஏற்கனவே முழங்கால் அளவு கசடு, அதில் கால் புதைந்த ஆள் ஏணிவரை நடந்து வருவதே பாடு. மயங்கி விழுந்தவருக்கோ அந்த அரை மீட்டர்கூட வேண்டாம். அதனால் வால்வை மூடினால் போதாது, பழைய வால்வு கசியும். பிளாங்க் ஃபிளான்ஜ் போடுங்கள், அல்லது குழாய் வாயில் பிளக் அடையுங்கள். பம்ப்புகளின் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவி இறங்குபவரின் பையில் இருக்கட்டும். ஃப்ளோட் ஸ்விட்ச் உள்ள பம்ப் ஆட்டோவில் தானாகவே ஓட ஆரம்பிக்கும், அதையும் மறக்காதீர்கள்.

அந்தப் பட்டியலில் நான் அதிகம் பயப்படுவது ஆசிட் தண்ணீருக்குத்தான். சல்ஃபைடு தண்ணீரில் கரைந்தே இருக்குமா, வாயுவாகுமா என்பதை பிஹெச் தீர்மானிக்கிறது. பிஹெச் 9இல் சுமார் ஒரு சதவீதம்தான் வெளியேறக்கூடிய வடிவில் இருக்கும், 7இல் கிட்டத்தட்ட பாதி, 5க்கு இறங்கினால் ஏறக்குறைய முழுவதும். ஆசிட் டோசிங் பம்ப் ஓடினாலோ, மெம்பரேன் கழுவிய தண்ணீர் அந்த நேரம் பார்த்து வந்தாலோ, நாம் மேலே போட்ட 60 கிராம் கணக்கு ஏறக்குறைய மொத்தமாகக் காற்றுக்கு வரக்கூடியதாகிவிடும். ஆகவே டோசிங் பம்ப்புகளையும் அணைத்துப் பூட்டுங்கள், சக்‌ஷன் வால்வையும் மூடுங்கள். காஸ்டிக் விட்டு பிஹெச்சை 9 பக்கம் ஏற்றிவைத்தால் வாயு அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் கழிவில் அம்மோனியா இருந்தால், பிஹெச் அதற்கும் மேலே போகப்போக அது கிளம்பும்.

அப்புறம், இந்தக் களேபரத்தில் டோசிங் அறையில் யாரும் லாரியிலிருந்து கெமிக்கல் இறக்கவேண்டாம். ஆசிட்டை மாற்றி சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கும் ஹைப்போ டேங்கில் விட்டால் குளோரின் வாயு வரும், அறையே நிற்க முடியாத இடமாகிவிடும். இரண்டு டேங்கின் குழாய் இணைப்பும் ஒன்றோடொன்று பொருந்தாத அளவில் இருந்தால்தான் இந்தத் தவறு நடக்காது, பெயர்ப் பலகை மட்டும் காப்பாற்றாது.

காற்று, பிறகு அளவு

மூடிகள் எல்லாவற்றையும் திறந்து, சுற்றித் தடுப்பு வைத்து, ப்ளோயரின் துணிக் குழாயை கசடுக்குச் சற்று மேலேவரை இறக்குங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, எனவே மேல் மட்டத்தில் ஊதினால் அடியில் உள்ளது அப்படியே கிடக்கும். மணிக்கு இருபது முறை காற்று மாறவேண்டும் என்று பார்த்தால், 21 கன மீட்டருக்கு மணிக்கு 420 கன மீட்டர் ஊதும் ப்ளோயர் வேண்டும். ப்ளோயர் காற்றை உறிஞ்சும் இடத்தில் வண்டியோ ஜெனரேட்டரோ புகை விடக்கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள், சின்னப் பொறி பட்டாலும் உடை பற்றிக்கொள்ளும்.

அரை மணி நேரம் ஊதியபின் டிடெக்டர். நல்ல காற்றில் ஆன் செய்து, பரிசோதனை வாயு காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, உறிஞ்சுகுழாயை மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் இறக்குங்கள். மீத்தேன் மேலே தங்கும், கனமானவை கீழே தங்கும், ஒரே இடத்தில் எடுத்த அளவு எதையும் சொல்லாது. குழாய் நீளமாக இருந்தால் அந்தக் காற்று சென்சாருக்கு வரவே நேரமாகும், ஒவ்வொரு மட்டத்திலும் ஓரிரு நிமிடம் பொறுங்கள்.

திரையில் முதலில் O2 பாருங்கள், 19.5க்கும் 23.5க்கும் இடையில் இருக்க வேண்டும், சாதாரணக் காற்று 20.9. ஆக்சிஜன் குறைவாக இருந்தால் பல டிடெக்டர்களில் எரியும் வாயுவைக் காட்டும் LEL சென்சாரே சரியாகக் காட்டாது, அதனால்தான் இது முதலில். அடுத்து LEL, 10 சதவீதத்தைத் தொட்டாலே வேலை கிடையாது. கடைசியாக ஹைட்ரஜன் சல்ஃபைடைக் காட்டும் H2S, கார்பன் மோனாக்சைடைக் காட்டும் CO. எந்த எண்ணும் நிலையாக நிற்காமல் ஆடினால் கீழே இன்னும் ஏதோ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே ஆள் இருக்கும் வரை ப்ளோயரும் டிடெக்டரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் கசடைக் கலக்கப்போவது இனிமேல்தான்.

மேலே நிற்பவரின் வேலை

இறங்குபவர் முழு உடல் ஹார்னஸ் போட்டு, கயிறு முக்காலியில் உள்ள வின்ச்சில் மாட்டியிருக்க வேண்டும், உள்ளே போன பிறகும் கழற்றக்கூடாது. சுவாசத்துக்கு வெளியிலிருந்து காற்று தரும் கருவி, ஃபில்டர் முகமூடி ஆக்சிஜனை உண்டாக்காது. நீங்கள் மேலே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், போன் எடுக்கவோ டீ குடிக்கவோ நகராதீர்கள். பதில் வரவில்லை அல்லது அலாரம் அடித்தது என்றால் வின்ச்சைச் சுற்றுங்கள், உதவிக்குக் கத்துங்கள். நீங்கள் இறங்கக்கூடாது. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்லியிருந்தது. கீழே விழுந்தவர் உங்கள் அண்ணனாகவே இருந்தாலும், நீங்களும் விழுந்தால் வின்ச் சுற்ற ஆளிருக்காது.

இதே விதி ஏரேஷன் டேங்குக்கும் பொருந்தும். காற்றுக் குமிழிகளால் அங்கே மிதப்பது கொஞ்சம் கடினம், அதைவிட மோசம் உள்ளே சுழலும் நீரோட்டமும் பிடிமானமில்லாத வழுக்கும் சுவரும். நீச்சல் தெரிந்தவரும் தப்பிப்பது கஷ்டம். யாராவது விழுந்தால் காற்று ப்ளோயரை உடனே நிறுத்தி, கயிறு கட்டிய மிதவை வளையத்தை வீசுங்கள், குதிக்க வேண்டாம்.

கசடு மேலே வந்த பிறகு

பம்ப்போடு வரும் கசடு வெளியிலும் வாயு விட்டுக்கொண்டே இருக்கும். டிரம்மில் போட்டு இறுக்கி மூடினால் அழுத்தம் ஏறும், மூடிய அறைக்குள் வைத்தால் அந்த அறை இன்னொரு சம்ப்பாகிவிடும். காற்றோட்டமான நிழலில், தளர்வான மூடியோடு வையுங்கள். இம்பெல்லரில் சுற்றியதைப் பிரிக்கும்போது ஊசி, பிளேடு, கம்பி எதுவும் இருக்கலாம், எனவே தடித்த ரப்பர் கையுறையும் முகக்கவசமும் வேண்டும், கையில் காயம் இருப்பவர் இந்த வேலைக்கு வேண்டாம். பாலிமர் கரைசல் சிந்தியிருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் வழுக்கும். உலர்ந்த மணலோ மரத்தூளோ போட்டு வாரிவிட்டுப் பிறகு கழுவுங்கள்.

பம்ப்பைத் திரும்ப இறக்கும்போது நல்ல சங்கிலியாக மாட்டி, அதன் மறுமுனையை மேலே கைக்கெட்டும் கொக்கியில் கட்டிவையுங்கள், அடுத்த தடவை யாரும் இறங்க வேண்டியிருக்காது. ஆட்களை எண்ணி, மூடியையும் கிராதியையும் போட்ட பிறகு பிளக், வால்வு, பம்ப் என்று வரிசையாகத் திறங்கள். ஆசிட் டோசிங்கின் பூட்டு கடைசியில்தான் கழற்றப்பட வேண்டும்.