வாசலில் இருந்து மேசை வரை

ஓட்டலில் மதிய சாப்பாட்டு நேரம். பரிமாறும் நீங்கள் கையில் சாம்பார் வாளியோடு நிற்கிறீர்கள், வாசலில் ஒரு குடும்பம் தயங்கி நிற்கிறது. அந்த இடத்தில் இருந்தே கண்ணைப் பார்த்துத் தலையசைத்து, "வாங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் கவனிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால்தான் ஆட்கள் திரும்பிப் போகிறார்கள். பார்த்துவிட்டோம் என்று தெரிந்தால் இரண்டு நிமிடம் நிற்பார்கள்.

"எத்தனை பேர்?" என்று கேட்கும் முன்பே எண்ணிக்கொள்ளுங்கள். "நாலு பேரா, இன்னும் யாராவது வர்றாங்களா?" என்பதே சரியான கேள்வி. அப்புறம், அங்கே போய் உட்காருங்கள் என்று விரல் நீட்டாமல் முன்னால் நடந்து போங்கள். கூட வரும் பாட்டியின் நடைக்கு உங்கள் நடையைக் குறையுங்கள். அவருக்குக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசை நல்லது. மேசை துடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும். எச்சில் இலை முன்னால் உட்காரவைத்த பிறகு எந்தச் சிரிப்பும் எடுபடாது.

தண்ணீர் வைக்கும்போது "சாதாத் தண்ணியா, சுடுதண்ணியா?" என்று கேளுங்கள். உடனே ஆர்டர் கேட்காதீர்கள். அவர்கள் நிமிர்ந்து உங்களைத் தேடும்போது பக்கத்தில் இருந்தால் போதும்.