மூன்று மணிக்கு இரண்டு பேர்

பிரிக்ஃபீல்ட்ஸில் சின்ன அழகு நிலையம் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் தாங்களே நேரம் எடுத்துக்கொள்ளும் கூகல் காலண்டர் முன்பதிவுப் பக்கத்தில், ஃபேஷியலுக்கு ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் இழுத்தால், நான்காவது ஆள் அரை மணி நேரம் காத்திருப்பார்.

இரண்டு வாரம், ஆள் உள்ளே வந்ததிலிருந்து பணம் கட்டும்வரை நேரம் குறித்தேன். சராசரி 65 நிமிடம். ஆனால் சராசரியை வைத்தால் பாதிப் பேர் தாண்டிவிடுவார்களே! 20 பேரில் 17 பேர் 75 நிமிடத்துக்குள் முடித்திருந்தார்கள். அதையே நீளமாக வைத்தேன். படுக்கை விரிப்பு மாற்ற, தாண்டுகிற மூவரைத் தாங்க, இரண்டு பேருக்கு நடுவே Buffer time 15 நிமிடம். நாளுக்கு ஒரு ஆள் குறைந்தார், சரி.

இரட்டைப் பதிவு வேறு கதை. "அக்கா, மூணு மணிக்குத்தானே வரச் சொன்னீங்க?" என்று ஒருவர் வந்து நின்றபோது நான் கிள்ளானில் மணப்பெண் அலங்காரத்தில் இருந்தேன். அந்தக் கல்யாணத்தை முழுநாள் நிகழ்வாகப் போட்டிருந்தேன். முழுநாள் என்றால் காலண்டர் தானாக Free என்று வைத்துவிடும். அதனால் முன்பதிவுப் பக்கம் அந்த நாளைத் திறந்தே காட்டியிருக்கிறது. Busy என்று மாற்றினேன், நேரங்கள் மறைந்தன. வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கும் இப்போது அந்தப் பக்கத்தின் இணைப்பைத்தான் அனுப்புகிறேன்.