கவர்டு கால், காலர்: பங்கு வைத்திருப்பவர்கள் வழுக்கும் இடங்கள்

கவர்டு காலில் வரும் பிரீமியத்தைப் பலரும் வாடகை என்று சொல்கிறார்கள். பங்கு கையில் சும்மாதானே இருக்கிறது, அதன் மேல் கால் ஆப்ஷன் விற்றால் மாதாமாதம் ஏதோ வரும் என்ற கணக்கு. நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வாடகை இல்லை, அச்சாரம். வாங்கியவர் கொஞ்சம் பணம் கொடுத்து, குறித்த விலையில் உங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பெறுகிறார். அந்த விலைதான் ஸ்ட்ரைக், அந்த உரிமை முடியும் நாள் எக்ஸ்பைரி. விலை ஏறினால் எடுத்துக்கொள்வார். இறங்கினால் போய்விடுவார், பங்கும் நஷ்டமும் உங்களோடு நிற்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பங்கின் விலை 100. மூன்று மாத எக்ஸ்பைரியில் 110 ஸ்ட்ரைக் காலை விற்று 3 வாங்குகிறீர்கள். இது கவர்டு கால். அந்த 3-ஐக் கொண்டே 90 ஸ்ட்ரைக் புட்டையும், அதாவது பங்கை 90-க்கு விற்கும் உரிமையையும், வாங்கினால் அது காலர். எக்ஸ்பைரி அன்று கையில் இருக்கும் மதிப்பு இப்படி வரும்:

| பங்கு விலை | பங்கு மட்டும் | கவர்டு கால் | காலர் |
|---|---|---|---|
| 70 | 70 | 73 | 90 |
| 100 | 100 | 103 | 100 |
| 112 | 112 | 113 | 110 |
| 130 | 130 | 113 | 110 |

முதல் வரிசையைப் பாருங்கள். "கவர்டு கால் போட்டிருக்கிறேன், பாதுகாப்பாக இருக்கிறேன்" என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 30 விழுந்தபோது அது தாங்கியது வெறும் 3. 130-க்கு ஏறினால் கைநழுவுவது 17. ஆனால் 112-இல் ஸ்ட்ரைக்கைத் தாண்டிவிட்டதே என்று பதறவும் வேண்டாம். சும்மா வைத்திருந்தவரைவிட நீங்கள் பின்தங்குவது 113-க்கு மேல்தான்.

இதைவிட நயமாக ஏமாற்றுவது இரண்டாவது சுற்று. பங்கு 80-க்கு விழுந்துவிட்டது என்று வையுங்கள். பழைய கால் காலாவதியாகி 3 உங்களுக்கே நின்றது. இப்போது 110 காலுக்குக் கிடைப்பது சில்லறைதான். அதனால் ஸ்ட்ரைக்கை 90-க்கு இறக்கி விற்று, இன்னொரு 3 வாங்குகிறீர்கள். அப்புறம் பங்கு 105-க்குத் திரும்புகிறது. நீங்கள் 90-க்குக் கொடுத்தாக வேண்டும். இரண்டு பிரீமியமும் சேர்த்து 96. எதுவும் செய்யாதவரிடம் 105 இருக்கிறது. பங்கு முதலில் இருந்த விலையையே தாண்டிவிட்டது, உங்களுக்கு மட்டும் 4 நஷ்டம். இறக்கம் முழுவதும் உங்களுடையது, ஏற்றத்தில் பாதிக்கு மேல் அடுத்தவருடையது. கால் விற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த விலையில் பங்கு போனால் எனக்குச் சம்மதமா? சம்மதம் இல்லாத ஸ்ட்ரைக்கில் பிரீமியத்துக்காக மட்டும் விற்காதீர்கள்.

சரி, காலருக்கு வருவோம். "செலவே இல்லாத காலர்" என்ற பேச்சில் மயங்கிவிட வேண்டாம். கையிலிருந்து பணம் போகவில்லை, அவ்வளவுதான். செலவு 110-க்கு மேல் உள்ள ஏற்றமாகப் போகிறது. சந்தை பெரும்பாலும் இறக்கத்துக்குத்தான் அதிகம் பயப்படும், அதனால் புட்டின் விலையில் அந்தப் பயமும் ஏறியிருக்கும். பாதுகாப்பை உயர்த்த உயர்த்த மேல்கூரை கீழே வரும். 90 புட்டுக்குப் பதில் 95 வேண்டுமென்றால் அது 4.5 ஆகலாம். அதை ஈடுகட்ட 106 காலை விற்க வேண்டி வரலாம். இப்போது அதிகபட்ச நஷ்டம் 5, அதிகபட்ச லாபம் 6. இவ்வளவு ஒடுக்கினால், பங்கில் ஒரு பகுதியை விற்றுவிட்டு மீதியைச் சுதந்திரமாக விடலாமே என்று யோசிப்பது நல்லது. விற்க முடியாத காரணம் இருந்தால் காலர் சரி. இல்லையென்றால் அது விற்பதைத் தள்ளிப்போடுவதுதான்.

நடைமுறையில் பங்கை விற்கும்போது ஒரு மறதி வரும். விலை சரிகிறது, பயத்தில் பங்கை விற்றுவிடுகிறார்கள், விற்ற கால் மட்டும் திறந்தே கிடக்கிறது. மறுநாள் விலை எகிறினால் கொடுக்கப் பங்கு இல்லை, நஷ்டத்துக்கு எல்லையும் இல்லை. பங்கை விற்பதற்கு முன் காலைத் திரும்ப வாங்கி முடித்துவிடுங்கள். ஒரு லாட், அதாவது ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் பங்குகள், 100 ஆக இருந்து உங்களிடம் 150 பங்குகள் இருந்தால், இரண்டு லாட் விற்றவருக்கும் இதே கதைதான். அதில் 50 பங்குகளுக்குக் கவர் கிடையாது.

எக்ஸ்-டிவிடெண்ட் தேதியையும் பாருங்கள். அன்று முதல் பங்கை வாங்குபவருக்கு அந்த ஈவுத்தொகை கிடையாது. எக்ஸ்பைரிக்கு முன்பே பயன்படுத்தக்கூடிய வகை ஆப்ஷன் என்றால், பங்கு விலை ஸ்ட்ரைக்குக்கு மேல் இருந்து, உடனே பயன்படுத்தினால் கிடைப்பதற்கு மேல் காலின் விலையில் மிச்சமிருக்கும் கால மதிப்பைவிட ஈவுத்தொகை பெரிதாக இருக்கும்போது, வாங்கியவர் முந்தின நாளே பங்கை எடுத்துக்கொள்வார். ஈவுத்தொகை அவருக்குப் போய்விடும்.