வெள்ளைப்படுதல்: நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

வெள்ளைப்பட்டாலே மெடிக்கல் ஷாப்பில் க்ளோட்ரிமசோல் க்ரீம் கேட்டு வாங்குகிறோம். அது பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. வந்திருப்பது பூஞ்சைதானா என்று யாரும் பார்ப்பதில்லை.

படி 1: உங்கள் வழக்கம் எது?

ஒரு மாதம் கவனியுங்கள். கருமுட்டை வெளியாகும் நாட்களை ஒட்டி முட்டை வெள்ளைக்கரு போல வழவழவென்று இழுபடும். பிறகு வெண்மையாகக் கெட்டிப்படும். உள்ளாடையில் காய்ந்தால் லேசாக மஞ்சளாகத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். லேசான புளிப்பு வாடையும் இயல்புதான். பிறப்புறுப்பின் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலம் சுரந்து காவல் காக்கிறது. அதன் உறவுக்காரர்கள்தான் தயிரையும் புளிக்க வைக்கிறார்கள்!

படி 2: அரிப்பா, வாடையா?

இதுதான் முக்கியமான கேள்வி. அரிப்பு தாங்க முடியவில்லை, சிறுநீர் பட்டால் எரிகிறது, திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக வருகிறது, ஆனால் வாடையே இல்லை என்றால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும், கர்ப்பத்திலும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும் இது வரும்.

அரிப்பு பெரிதாக இல்லை, ஆனால் மீன் கவிச்சி அடிக்கிறது, சாம்பல் கலந்த வெள்ளையில் தண்ணீராக வருகிறது என்றால் பாக்டீரியா சமநிலை கெட்டிருக்கலாம். என் தோழிக்கு இதுதான் நடந்தது. இரண்டு முறை க்ரீம் தடவியும் அடங்கவில்லை. வாடை போகவில்லையே என்று சோப்பு போட்டு உள்ளே கழுவ, இருந்த கொஞ்சநஞ்ச லாக்டோபேசில்லஸும் போய்விட்டது. உடலுறவுக்குப் பிறகு வாடை கூடுகிறது என்று அவள் சொன்னதும் டாக்டருக்குப் பிடி கிடைத்தது. விந்து காரத்தன்மை உள்ளது, அது பட்டால் கவிச்சி எழும்பும். பரிசோதித்து மெட்ரோனிடசோல் கொடுத்தார், சரியானது.

மஞ்சள் பச்சையாக, நுரை கட்டி, வாடையும் அரிப்பும் சேர்ந்தே வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். இது உடலுறவில் பரவுவது. துணைவரும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் திரும்பவும் தொற்றும்.

படி 3: எப்போது காத்திருக்கக் கூடாது?

அடிவயிற்று வலி, காய்ச்சல், உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நிரந்தரமாக நின்ற பிறகு இரத்தம் கலந்து படுதல், கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் நேராக டாக்டரிடம் போங்கள். இந்தத் தொல்லை முதல் தடவையாக வந்தாலும், அடிக்கடி வந்தாலும் அப்படியே. இரண்டு தொற்று ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு, உடலுறவில் பரவும் கிளமிடியா போன்ற தொற்றுகள் அறிகுறியே காட்டாமலும் இருக்கும். அதனால் மேலே சொன்னது ஊகம்தான், உறுதி செய்வது, படும் திரவத்தில் மாதிரி எடுத்துப் பார்க்கும் சோதனைதான்.

சோதனைக்குப் போவதற்கு முன் இரண்டு நாள் உள்ளே க்ரீம், மாத்திரை வைக்காதீர்கள், உள்ளே கழுவவும் வேண்டாம். மாதிரியில் எதுவும் தெரியாமல் போகலாம்.